கிளினிக்கின் வாய்ஸ்மெயிலில் அழைப்பவர் காரணத்தைச் சொல்லும்படி ஒரு வரவேற்புச் செய்தி

கேள்வி: “இரண்டு மருத்துவர்களும் ஒரே ஒரு வரவேற்பாளரும் உள்ள சிறிய கிளினிக் எங்களுடையது. வரவேற்பாளர் வேறு அழைப்பில் இருக்கும்போதும், கிளினிக் மூடிய பிறகும் அழைப்புகள் வாய்ஸ்மெயிலுக்குப் போகின்றன. அதில் பாதிப் பேர் ‘கூப்பிடுங்கள்’ என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறார்கள். எதற்காக அழைத்தார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்ல வைக்கும் சுருக்கமான செய்தியை எப்படி எழுதுவது? இப்போது உள்ளது இது: ‘வணக்கம். எங்கள் கிளினிக்கை அழைத்தமைக்கு நன்றி. தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தற்போது அழைப்பை ஏற்க இயலவில்லை. பீப் ஒலிக்குப் பின் தங்கள் பெயர், தொடர்பு எண் மற்றும் விவரங்களைத் தெரிவிக்கவும். விரைவில் தொடர்பு கொள்கிறோம். நன்றி.’”

உங்கள் கேள்வி சுருக்கத்தைப் பற்றியது போலத் தோன்றினாலும், உண்மையில் உங்களுக்குத் தேவைப்படுவது வேறொன்று. செய்தியைக் கேட்கும் வரவேற்பாளர், திரும்ப அழைப்பதற்கு முன்பே, யாரை முதலில் அழைப்பது, அழைக்கும்போது கையில் எதை எடுத்து வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கக்கூடிய அளவுக்கு அழைத்தவர் சொல்லியிருக்க வேண்டும். இப்போதைய செய்தி ஏறத்தாழ முப்பது சொற்கள்தான். நீளம் அதன் குறையன்று. அதில் உள்ள ‘விவரங்கள்’ என்ற ஒரு சொல்தான் குறை. நான் மருத்துவர் அல்ல. பல ஆண்டுகள் சிறிய மருத்துவமனைகளின் வரவேற்பு மேசையில் இருந்துவிட்டு, பிறகு அந்த வேலைக்கு வருபவர்களுக்குத் தொலைபேசியில் பேசவும், பதிவான செய்திகளைக் கேட்டுக் குறிப்பெடுக்கவும் பயிற்சி அளித்து வருகிறேன். கீழே சொல்பவை அந்த அனுபவத்திலிருந்து வருபவை. எது உறுதியானது, எது என் விருப்பம் மட்டுமே என்பதை ஆங்காங்கே பிரித்துச் சொல்கிறேன்.

காரணத்தைச் சொல்லாமல் வைத்துவிடுபவர்கள் பெரும்பாலும் அதை மறைக்க நினைப்பவர்கள் அல்லர். மனிதர் ஒருவர் எடுத்து, ‘சொல்லுங்கள், என்ன வேண்டும்?’ என்று கேட்பார் என்று எண்ணித்தான் அவர்கள் அழைக்கிறார்கள். கேட்கக் கேட்கப் பதில் சொல்வது எளிது. கேட்பார் இல்லாத இடத்தில், தானே எங்கோ தொடங்கி எங்கோ முடிக்க வேண்டும் என்னும்போது பலருக்கு வாய் அடைத்துவிடுகிறது. பீப் ஒலி கேட்டதும் இரண்டு மூன்று விநாடி தயங்குவார்கள். பின் தெரிந்த ஒரே வாக்கியமாகிய ‘கொஞ்சம் கூப்பிடுங்கள்’ என்பதைச் சொல்லி முடித்துக்கொள்வார்கள். பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். அந்தத் தயக்கம் தெளிவாகக் கேட்கும். மற்றொரு தயக்கமும் உண்டு. இதை யார் கேட்பார்கள், மருத்துவரா, வரவேற்பில் இருப்பவரா, அல்லது காத்திருக்கும் நோயாளிகள் நடுவே ஒலிபெருக்கியில் ஓடப்போகிறதா என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாதபோது குறைவாகச் சொல்வதுதான் இயல்பு. ஆகவே வரவேற்புச் செய்தி இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். எதிரே இல்லாத மனிதர் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை அது கேட்க வேண்டும். பதிலைக் கேட்கப்போவது யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது வேலைக்குச் சொல்லைத் தேர்வதே முக்கியம். ‘விவரங்களைத் தெரிவிக்கவும்’ என்றால் எந்த விவரம் என்ற கேள்வி அழைப்பவர் தலையில் விழுகிறது. ஒருவர் முகவரி சொல்வார். இன்னொருவர் பத்து ஆண்டு நோய் வரலாற்றைத் தொடங்குவார். மற்றவர் ஒன்றும் சொல்லமாட்டார். ‘அழைப்பின் காரணத்தைத் தெரிவிக்கவும்’ என்று மாற்றினால் இலக்கு சரியாகிவிடும். ஆனால் தொனி கெட்டுவிடும். ஏன் அழைத்தாய் என்று விளக்கம் கேட்பது போல அது காதில் விழுகிறது. வயதானவர்கள் பலர் ‘ஒன்றுமில்லை, சும்மாதான்’ என்று பின்வாங்குவதைக் கேட்டிருக்கிறேன். ‘என்ன தொந்தரவு?’ என்பது அன்பான கேள்விதான். ஆனால் மருந்துச் சீட்டுக்காகவோ பரிசோதனை முடிவுக்காகவோ அழைப்பவருக்கு அது பொருந்தாது. ‘எதற்காக அழைக்கிறீர்கள்’ என்பதே இந்த எல்லா வகையினருக்கும் பொருந்தியது. வரவேற்பு மேசையில் நேரில் கேட்பதும் ஏறத்தாழ இதே சொற்களைத்தான். அதனுடன் ‘ஒரு வரியில்’ என்ற அளவையும் சேர்த்துவிட்டால், நீளமாகப் பேசுபவருக்கு அது கட்டுப்பாடு; பேசத் தயங்குபவருக்கு, ஒரு வரி போதும் என்ற ஆறுதல்.

ஆனால் கேள்வியை மட்டும் சரியாகக் கேட்டால் போதாது. ஒரு மாதிரி வாக்கியத்தையும் சொல்லிக் காட்ட வேண்டும். என் அனுபவத்தில், ஒரு வரவேற்புச் செய்தியில் செய்யக்கூடிய மாற்றங்களுள் இதைப் போலப் பயன் தந்தது வேறில்லை. மனிதர்கள் கடைசியாகக் கேட்ட வாக்கியத்தின் அச்சிலேயே தங்கள் வாக்கியத்தை வார்க்கிறார்கள். ‘இரண்டு வாரமாக முழங்கால் வலி, டாக்டரைப் பார்க்க வேண்டும்’ என்று செய்தி முடிந்தால், அடுத்து வரும் குரல் ‘நாலு நாளாகக் காது வலி, டாக்டரைப் பார்க்க வேண்டும்’ என்று சொல்வதைப் பலமுறை கேட்கலாம். அந்த மாதிரி வாக்கியத்துக்குள் மூன்று துண்டுகள் இருப்பதைக் கவனியுங்கள்: என்ன, எவ்வளவு நாளாக, உங்களிடமிருந்து என்ன வேண்டும். மூன்றாவது துண்டைப் பலர் விட்டுவிடுவார்கள். ‘எனக்கு இருமலாக இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால், அவர் நேரம் ஒதுக்கச் சொல்கிறாரா, மருந்தை மாற்றிக் கேட்கிறாரா என்பது தெரியாது. மாதிரி வாக்கியம் அந்தத் துண்டையும் கேட்காமலே கேட்டுவிடுகிறது.

மாதிரியாக எந்த நோயைச் சொல்வது என்பதில் நான் ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். முதலில் எழுதிக் கொடுத்த செய்தி ஒன்றில் ‘குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல்’ என்று மாதிரி வைத்தேன்; எல்லோருக்கும் பழகிய தொல்லை என்பதால் அதைத் தேர்ந்தேன். சில வாரங்கள் கழித்து, பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு தாய் மாலையில் செய்தி விட்டிருந்தார். மறுநாள் காலையில்தான் அதைக் கேட்டார்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது பொதுவான மருத்துவ வழிகாட்டுதல். குழந்தைக்கு நல்லவேளையாக எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்தத் தாய் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: ‘காய்ச்சல் என்றால் இங்கே சொல்லலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.’ அவர் சொன்னது சரி. மாதிரி வாக்கியம் எடுத்துக்காட்டாக மட்டும் நிற்பதில்லை. இந்த அளவு தொல்லைக்குச் செய்தி விட்டுக் காத்திருக்கலாம் என்ற அனுமதியாகவும் அது கேட்கப்படுகிறது. ஆகவே யாருக்கு வந்தாலும் ஒரு நாள் காத்திருந்தால் கெடுதல் இல்லாத ஒன்றையே மாதிரியாக வைக்க வேண்டும். இரண்டு வாரமாக இருக்கும் முழங்கால் வலி அப்படிப்பட்டது. காய்ச்சல், தலைவலி, வயிற்று வலி, தலைச்சுற்றல் ஆகியவை அப்படியல்ல. அவை சிலருக்குச் சாதாரணம், சிலருக்கு ஆபத்து. எதை வைப்பது என்பதை இறுதியாக உங்கள் மருத்துவர்களில் ஒருவரிடம் காட்டி ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள்.

இதிலிருந்தே அடுத்த விஷயமும் வருகிறது. காரணத்தைச் சொல்லும்படி அழைக்கும்போது, சொல்லிவிட்டோம், இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையையும் நீங்கள் ஊட்டுகிறீர்கள். ‘கூப்பிடுங்கள்’ என்று மட்டும் சொன்னவருக்குத் தன் நிலை உங்களுக்குத் தெரியாது என்பது தெரியும். நிலையை விவரித்தவரோ, அதை ஒருவர் கேட்டுவிட்டதாகவே உணர்வார். எனவே காரணம் கேட்கும் செய்தியில், கேட்காத செய்தியைவிட, இரண்டு வாக்கியங்கள் கட்டாயம் தேவை. அவசரம் என்றால் இங்கே பேசாமல் அவசர உதவி எண்ணை அழைக்கச் சொல்வது ஒன்று. இந்தச் செய்திகள் எப்போது கேட்கப்படும் என்பது மற்றொன்று. அவசர வாக்கியம் முதலில் வர வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழைப்பவர் முப்பது விநாடி காத்திருந்து கடைசி வாக்கியத்தைக் கேட்கமாட்டார். அதில் ஓரிரு அறிகுறிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது நல்லது. ‘அவசரம்’ என்ற சொல்லை மட்டும் வைத்தால், தனக்கு வந்திருப்பது அவசரமா இல்லையா என்று நோயாளியே முடிவு செய்ய வேண்டியிருக்கும். ஆனால் பட்டியலாக நீட்டாதீர்கள். பட்டியலில் இல்லாதது அவசரம் இல்லை என்று கேட்பவர் எண்ணிவிடக்கூடும்; ‘போன்ற’ என்ற சொல் அதனால் தேவைப்படுகிறது.

‘விரைவில் தொடர்பு கொள்கிறோம்’ என்பதை எடுத்துவிடுங்கள். விரைவு என்பது அழைப்பவருக்குப் பத்து நிமிடம், உங்களுக்கு மறுநாள். உங்கள் வாய்ஸ்மெயில் பகலில் வேறு அழைப்பு ஓடும்போதும் இரவிலும் ஒரே செய்தியையே ஒலிக்கிறது என்பதால், ‘இரண்டு மணி நேரத்துக்குள்’ என்றும் சொல்ல முடியாது. இரவு பத்து மணிக்கு அழைத்தவருக்கு அது பொய்யாகிவிடும். இதற்கு நான் கண்ட நேரான வழி, எப்போது திரும்ப அழைப்போம் என்பதற்குப் பதிலாக, எந்தெந்த நேரங்களில் செய்திகளைக் கேட்கிறோம் என்று சொல்லிவிடுவது. காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் கேட்கிறோம் என்றால், எந்நேரத்தில் அழைத்தவரும் தன் செய்தி எவ்வளவு நேரம் கேட்கப்படாமல் கிடக்கும் என்பதைத் தானே கணக்கிட்டு, காத்திருக்கலாமா வேறு வழி தேடலாமா என்று முடிவு செய்துகொள்வார். உங்கள் கருவியில் பகலுக்கு ஒன்று, மூடிய பிறகு ஒன்று என இரு செய்திகள் வைக்க முடியுமானால் அதுவே இன்னும் நல்லது. எந்த நேரத்தைச் சொன்னாலும், அந்த நேரத்தில் வரவேற்பாளர் உண்மையிலேயே உட்கார்ந்து கேட்க வேண்டும். அது முடியாத நேரத்தைச் சொல்லாதீர்கள்.

இனி வரிசை. பெயர், எண், காரணம் ஆகிய மூன்றில் காரணத்தையே கடைசியில், பீப் ஒலிக்கு நேர் முன்னால் கேளுங்கள். கேட்ட பட்டியலில் கடைசியாக வந்தது நினைவில் நன்றாகத் தங்கும் என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. பெயரையும் எண்ணையும் யாரும் நினைவூட்டாமலே பலர் சொல்லிவிடுவார்கள். நினைவூட்டல் தேவைப்படுவது காரணத்துக்குத்தான். அவர்கள் பேசும் வரிசையிலும் பெயரும் எண்ணும் முன்னால் வருவது ஒரு பாதுகாப்பு. பல கருவிகள் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகோ, பேசுபவர் சற்று நேரம் மௌனமாக இருந்தாலோ பதிவைத் துண்டித்துவிடும்; காரணத்தை விரிவாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது துண்டிக்கப்பட்டாலும் எண் உங்களிடம் இருக்கும். அழைத்த எண் திரையில் தெரிகிறதே என்று நினைக்கலாம். ஆனால் பலர் மகன் கைபேசியிலிருந்தோ, அலுவலக எண்ணிலிருந்தோ அழைப்பார்கள்.

இவற்றைச் சேர்த்து உங்களுக்காக நான் எழுதும் செய்தி இது: ‘வணக்கம், (பெயர்) கிளினிக். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் போன்ற அவசரம் என்றால், இதை வைத்துவிட்டு உடனே (எண்) என்ற அவசர எண்ணை அழையுங்கள். மற்ற செய்திகளை வேலை நாட்களில் காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் வரவேற்பாளர் கேட்டு, உங்களைத் திரும்ப அழைப்பார். நோயாளியின் பெயர், உங்கள் தொலைபேசி எண், பிறகு எதற்காக அழைக்கிறீர்கள் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். “இரண்டு வாரமாக முழங்கால் வலி, டாக்டரைப் பார்க்க வேண்டும்” என்பது போலச் சொன்னால் போதும்.’

இது ஏறத்தாழ 55 சொற்கள். நிதானமாகப் படித்தால் முப்பது விநாடி ஆகும். உங்கள் பழைய செய்தியைவிட நீளம்தான். ஆனால் பழையதில் நன்றியும், ‘முக்கியமானது’ என்ற உறுதிமொழியும், ‘ஏற்க இயலவில்லை’ என்ற தகவலும் சேர்ந்து பாதி இடத்தை எடுத்துக்கொண்டன. அழைப்பை யாரும் எடுக்கவில்லை என்பது அழைத்தவருக்கு ஏற்கெனவே தெரியும். ‘பீப் ஒலிக்குப் பின்’ என்பதையும் நீக்கியிருக்கிறேன்; இன்று பெரும்பாலானவர்களுக்கு அது தெரிந்ததே. உங்கள் நோயாளிகளில் மிக முதியவர்கள் அதிகம் என்றால் அதை மட்டும் ‘நோயாளியின் பெயர்’ என்பதற்கு முன் சேர்த்துக்கொள்ளலாம். ‘உங்கள் பெயர்’ என்று கேட்காமல் ‘நோயாளியின் பெயர்’ என்று கேட்டதற்குக் காரணம் உண்டு. மருத்துவமனையை அழைப்பவர் பல நேரங்களில் நோயாளி அல்லர். மகளோ கணவரோ அழைப்பார். அவர் தன் பெயரைச் சொல்லிவிட்டால், எந்தக் கோப்பை எடுப்பது என்று தெரியாமல் வரவேற்பாளர் திணறுவார்.

நடை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழில் இது தனிச் சிக்கல். ‘தங்கள்’, ‘தெரிவிக்கவும்’, ‘இயலவில்லை’ என்று அறிவிப்புப் பலகையின் மொழியில் செய்தி ஒலித்தால், கேட்பவரும் அதே மொழியில் பதில் சொல்ல வேண்டும் என்று எண்ணிச் சொற்களைத் தேடுவார். தேடும்போது காரணம் தொலைந்துபோகும். முழுப் பேச்சுவழக்கில் பதிவு செய்தால், அது எந்த வட்டாரத்தின் வழக்கு என்ற கேள்வி வருகிறது. சிலருக்கு அது மரியாதைக் குறைவாகவும் படுகிறது. நடுவில் ஒரு நடை இருக்கிறது: ‘சொல்லுங்கள்’, ‘அழையுங்கள்’, ‘வேண்டும்’ என்று வினைமுற்றுகளை எளிய மரியாதை வடிவில் வைத்துக்கொண்டு, பெயர்ச்சொற்களில் ‘டாக்டர்’, ‘மாத்திரை’, ‘சீட்டு’ என்று மக்கள் வாயில் வருபவற்றையே பயன்படுத்துவது. மேலே உள்ள செய்தியில் ‘மருத்துவர்’ என்று எழுதாமல் ‘டாக்டர்’ என்று எழுதியது அதற்காகவே. நோயாளி பேசப்போகும் சொல் அது.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பழைய முறைத் தொலைபேசி இணைப்புகள் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே கடத்துகின்றன. அதற்கு மேலுள்ள கூர்மையான ஒலிகள் உதிர்ந்துவிடும். வேகமாகச் சொன்னால் ‘எழுபது’, ‘எண்பது’ போன்றவை காதில் குழம்பும். ஆகவே செய்தியில் எந்த எண்ணைச் சொன்னாலும் இலக்கம் இலக்கமாக, இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். அவசர எண்ணுக்கு இது மிகவும் முக்கியம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரே மூச்சில் படிக்காமல், ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் நின்று படியுங்கள். பிறகு வெளியிலிருந்து வேறொரு கைபேசியில் அழைத்து, சாலையோரத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். கிளினிக்குக்குள் அமைதியில் கேட்பது சோதனையாகாது.

செய்தியைக் கேட்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதை ஒரு காலைப்பொழுதை வைத்துக் காட்டுகிறேன். பயிற்சியில் நான் பயன்படுத்தும் நான்கு செய்திகள் இவை. முதலாமவர், பெயரும் எண்ணும் சொல்லி, ‘பிரஷர் மாத்திரை நாளையோடு தீர்கிறது, புதுச் சீட்டு வேண்டும்’ என்கிறார். வரவேற்பாளர் கோப்பை எடுத்து, கடைசியாக எழுதப்பட்ட சீட்டைப் பார்த்து, மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் திரும்ப அழைப்பார். ஒரே அழைப்பில் வேலை முடியும். இரண்டாமவர், ‘ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா என்று தெரிய வேண்டும்’ என்கிறார். வந்ததா என்று பார்ப்பது வரவேற்பாளர் வேலை, முடிவின் பொருளைச் சொல்வது மருத்துவர் வேலை என்பதால், மருத்துவருக்கு ஓய்வு உள்ள நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அழைப்பார். மூன்றாமவர், ‘அப்பாவுக்கு நேற்றிலிருந்து ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, என்ன செய்யலாம்’ என்கிறார். இதை எடைபோடுவது வரவேற்பாளரின் பொறுப்பன்று. மற்ற செய்திகளைக் கேட்பதை நிறுத்திவிட்டு, உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நான்காமவர், ‘தனிப்பட்ட விஷயம், டாக்டரிடம் மட்டும் பேச வேண்டும்’ என்கிறார்.

மூன்றாவது செய்தி பழைய முறையில் எப்படி வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ‘கொஞ்சம் கூப்பிடுங்கள்’ என்று வந்திருக்கும். வரிசையில் மூன்றாவதாகவே நின்றிருக்கும். ஒரு கால் மட்டும் வீங்குவது ரத்தக் குழாயில் உறைகட்டியின் அடையாளமாகவும் இருக்கக்கூடும் என்பதால், எந்த மருத்துவரும் அதை அன்றே பார்க்க விரும்புவார். காரணத்தைக் கேட்பதால் வரவேற்பாளரின் நேரம் மிச்சமாவது உண்மை. ஆனால் அதைவிட, வரிசையை மாற்றும் வாய்ப்பு கிடைக்கிறதே, அதற்காகத்தான் நான் இந்த முப்பது விநாடிக்காக இவ்வளவு மன்றாடுகிறேன். அதே காரணத்தால், எல்லாச் செய்திகளையும் கேட்டு முடித்த பிறகே முதல் அழைப்பைச் செய்ய வேண்டும் என்பதை உங்கள் வரவேற்பாளருக்குச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொருவராக அழைத்தால், நான்காவதாகக் கிடக்கும் அவசரம் ஒரு மணி நேரம் கழித்தே தெரியவரும்.

நான்காமவரின் பதிலும் தெளிவான காரணமே என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். ‘வரவேற்பாளர் கேட்டு’ என்று செய்தியில் சொல்லியிருப்பதால்தான் அவர் அப்படிச் சொல்ல முடிகிறது. யார் கேட்பார்கள் என்று தெரிந்துகொண்டு, எவ்வளவு சொல்வது என்பதை அவரே தீர்மானித்திருக்கிறார். வேறு சொற்களில் அவரைத் துருவக் கூடாது. செய்திகளை ஒலிபெருக்கியில் போடாமல் தொலைபேசியைக் காதில் வைத்துக் கேட்பதும், திரும்ப அழைக்கும்போது வேறு யாராவது எடுத்தால் காரணத்தைச் சொல்லாமல் கிளினிக்கிலிருந்து அழைத்ததாக மட்டும் சொல்வதும் இதனோடு சேர்ந்தவை. நோயாளிகளின் தகவலை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், பதிவுகளை எப்போது அழிக்க வேண்டும் என்பவற்றுக்கு நாட்டுக்கு நாடு சட்டம் வேறு; அதை உங்கள் இடத்துச் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிய செய்தி வேலை செய்கிறதா என்பதை எண்ணித்தான் அறிய வேண்டும். தோன்றுவதை நம்பக் கூடாது. மாற்றுவதற்கு முன் ஒரு வாரமும் மாற்றிய பின் இரண்டு வாரமும், ஒவ்வொரு செய்திக்கும் மூன்று கட்டங்களில் குறி போடச் சொல்லுங்கள்: பெயர் இருந்ததா, எண் இருந்ததா, திரும்ப அழைப்பதற்கு முன்பே எதற்காக என்று தெரிந்ததா. நான்காவது கட்டம் ஒன்றும் வேண்டும்: பேசாமலே வைத்துவிட்டவர்கள் எத்தனை பேர். முதல் மூன்றும் கூடி நான்காவதும் கூடினால், செய்தி நீளமாக இருக்கிறது அல்லது அச்சுறுத்துகிறது என்று பொருள். பேசியவர்கள் நன்றாகப் பேசுகிறார்கள், மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். அப்போது அவசர வாக்கியத்தையும் மாதிரியையும் தொடாமல், மற்றவற்றில் சொற்களைக் குறையுங்கள். காரணம் மட்டும் கூடவில்லை என்றால், மாதிரி வாக்கியம் வேகமாக வாசிக்கப்பட்டிருக்கும். மீண்டும் பதிவு செய்து பாருங்கள்.

சில விஷயங்களில் நான் அழுத்திச் சொல்லமாட்டேன். மாதிரி வாக்கியம் ஒன்றா இரண்டா என்பதில் என்னுடன் பணியாற்றியவர்களே வேறுபட்டார்கள். நோய்க்கு ஒன்று, மருந்துச் சீட்டுக்கு ஒன்று என இரண்டு வைத்தால், மருந்துக்காக அழைப்பவருக்கும் அச்சு கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். மருந்து கேட்பவர்கள் இயல்பாகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள், தெளிவில்லாமல் பேசுபவர்கள் உடல் தொல்லையோடு அழைப்பவர்கள்தான் என்பது என் வாதம். அதனால் ஒன்றோடு நிறுத்துகிறேன். உங்கள் எண்ணிக்கை வேறுவிதமாகக் காட்டினால் அதை நம்புங்கள். நோயாளியின் பிறந்த தேதியையும் கேட்கலாமா என்பது மற்றொன்று. ஒரே பெயரில் பலர் இருக்கும் கிளினிக்குகளில் அது மிகவும் உதவும். ஆனால் நான்காவது கேள்வியைச் சேர்த்தவுடன் காரணம் விடுபடுவதைக் கண்டிருக்கிறேன். பிறந்த தேதியைத் திரும்ப அழைக்கும்போது கேட்டுக்கொள்ளலாம் என்பதே என் வழக்கம்.

எவ்வளவு நன்றாக எழுதினாலும் சிலர் பதிவில் பேசவேமாட்டார்கள். கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கும், வேறு மொழி பேசுபவர்களுக்கும் இந்தச் செய்தி எட்டாது. அவர்களுக்குக் குறுஞ்செய்தி எண் போன்ற வேறொரு வழி வேண்டும்; அதை இந்தச் செய்திக்குள் திணிக்காமல் மருந்துச் சீட்டின் தலைப்பிலும் வரவேற்பு மேசையிலும் அச்சிட்டு வையுங்கள். தொடர் விடுமுறை வரும்போது மட்டும், ‘வேலை நாட்களில்’ என்பதற்குப் பதிலாக, மீண்டும் திறக்கும் கிழமையையும் தேதியையும் சொல்லும் தனிப் பதிவு ஒன்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை முடிந்து திறக்கும் நாளின் முதல் வேலையாக அதை மாற்றிவிடும்படி நாட்காட்டியில் குறித்தும் வையுங்கள்.